இத்தா இருக்கும் பெண்ணின் கடிதம்: மரியாமா பாவின் நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனைப் பக்கத்துப் பெண்கள் சிலர், முஸ்லிம்களும் தமிழர்களுமாக, சேர்ந்து ஒரு நாவலை வாசித்தோம். அதன்பிறகு மருதமுனையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பலர் அதைப் பற்றிக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

யார் எழுதிய நாவல்? எந்த நாட்டுக் கதை?

மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டைச் சேர்ந்த மரியாமா பா எழுதியது. 1929இல் பிறந்தவர், தாகாரில் வளர்ந்தவர், ஆசிரியை, ஒன்பது பிள்ளைகளின் தாய், கணவரை விவாகரத்துச் செய்தவர். பிரெஞ்சு மொழியில் எழுதிய இந்த முதல் நாவல் 1979இல் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் 'இத்தனை நீண்ட ஒரு கடிதம்' என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு ஆபிரிக்க எழுத்துக்கான நோமா விருதை முதன்முதலாக வாங்கியது இந்த நூல்தான். 1981இல் மரியாமா பா காலமானார். நாங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு தமிழில் கதைத்தோம். ஏறத்தாழ நூறு பக்கம்தான்.

நான் வாசிக்கவில்லை. கதை என்ன?

ரமதூலாய் தாகாரில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பன்னிரண்டு பிள்ளைகள். கணவர் மோது ஃபால் தொழிற்சங்கத்தில் பேர் எடுத்து அரச பதவிக்கு வந்தவர். ஒருநாள் அலுவலகத்தில் கடிதம் ஒன்றைச் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் மௌத்தாகிறார். ரமதூலாய் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள், அதாவது விதவைக்கு மார்க்கம் வைத்த காத்திருப்புக் காலத்தில் வீட்டோடு இருக்கிறாள். அந்த நாட்களில், அமெரிக்காவில் வேலை செய்யும் தன் பால்யத் தோழி ஆய்சாதுவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறாள். அந்தக் கடிதம்தான் நாவல்.

கடிதத்தில் பின்னோக்கிப் போகும்போதுதான் மற்றது தெரியவருகிறது. மௌத்துக்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே மோது இன்னொரு கலியாணம் முடித்திருந்தார். பெண் பினெதூ. மூத்த மகள் தபாவோடு படித்தவள், வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த பிள்ளை. அந்தக் கலியாணத்துக்குப் பிறகு மோது முதல் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்படி விட்டுவிட்டுப் போன மனிதனுக்காக அவள் ஏன் இத்தா இருக்க வேண்டும்? ஏன் அழ வேண்டும்?

அவள் விவாகரத்து வாங்கவில்லை. தோழி ஆய்சாதுவுக்கும் இதே நிலை வந்தபோது, அவள் கணவனுக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்பிவிட்டாள். பிள்ளைகள் எல்லாரும் போகச் சொல்லியும் ரமதூலாய் இருந்துவிட்டாள். சட்டப்படியும் மார்க்கப்படியும் கடைசி நாள் வரைக்கும் அவள் மனைவி. அதனால் இத்தா அவளுக்குக் கடமை.

அழுகை வேறு விஷயம். அவளுடைய துக்கம் மௌத்து அன்று தொடங்கவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன், மூன்று ஆண்கள் வீட்டுக்கு வந்து "மோது இன்று இன்னொரு பெண்ணை முடித்தார், அல்லாஹ்வின் நாட்டம்" என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போனார்களே, அன்றுதான் தொடங்கியது. அந்த ஐந்து வருடமும் வீட்டுச் செலவை, பழுதான குழாயை, கட்டணம் கட்டப்போய் நிற்கும் வரிசையை அவள் தனியாகப் பார்த்தாள். படம் பார்க்கத் தனியே போனால் சனம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் அந்த இழப்புக்கு ஒரு சடங்கும் கிடையாது. யாரும் பாய் விரித்து உட்காரவில்லை, யாரும் ஓதவில்லை, ஆறுதல் சொல்ல ஆட்கள் வரவில்லை. உயிரோடு இருந்தவனை அவள் இழந்தபோது ஊர் பேசாமல் இருந்தது. அவன் செத்ததும் எப்படி உட்கார வேண்டும், என்ன உடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அதே ஊர் வந்து நின்றது. நாவலின் நோவு இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அப்போ இது இத்தாவுக்கு எதிரான நாவலா? எங்கள் மௌலவி அப்படித்தான் சொன்னார்.

இல்லை. முழுவதும் வாசித்தவர் அப்படிச் சொல்ல இடமில்லை. தன் கடமையை முழுமையாகச் செய்ய விரும்புவதாகவும், மார்க்கம் கேட்பதோடு தன் மனம் ஒத்துப்போவதாகவும் ரமதூலாயே எழுதுகிறாள். சுவர்களுக்குள் இருப்பது அவளுக்குப் பாரமாக இல்லை. அசைபோட அவளிடம் நினைவுகள் நிறைய இருக்கின்றன. வேலை, வெளி அலுவல், பார்வையாளர் எல்லாம் குறைந்த அந்த நாட்கள்தான் அவளுக்கு எழுத நேரம் தருகின்றன.

அவள் கோபமெல்லாம் வேறொன்றின் மேல். குர்ஆனின் 2:234 வசனம் விதவைக்குச் சொல்வது, நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்க வேண்டும் என்று. கர்ப்பிணி என்றால் 65:4இன்படி பிரசவம் வரைக்கும். சந்திர மாதக் கணக்கில் ஏறத்தாழ 128 நாள். இது ஒரு கால எல்லை. இந்த எல்லைக்குள் மாப்பிள்ளை வீட்டாரும் சுற்றமும் நுழைத்துவைத்த வழக்கங்கள் வேறு ஒரு வரிசை. நாவலை வாசிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் முதலாவதை மதிக்கிறார், இரண்டாவதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்.

நம் ஊரிலும் இந்தக் கலப்பு உண்டு. இத்தாவில் வெள்ளைதான் உடுக்க வேண்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறோம். ரமதூலாய்க்கும் பினெதூவுக்கும் தலையில் போடப்படுவது கறுப்புத் துணி. இரண்டு ஊரிலும் பெண்கள் அதை மார்க்கம் என்றே நம்புகிறார்கள். மார்க்கம் சொன்னது அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான், நிறத்தை ஊர் தேர்ந்தெடுத்தது.

மதினிமார் வந்து முடியை அவிழ்க்கும் காட்சி எனக்கு விளங்கவில்லை. அதில் என்ன இருக்கிறது?

நாவலின் முதல் பக்கங்களிலேயே வரும் காட்சி இது, நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டியது. மோதுவின் சகோதரிகள், அதாவது ரமதூலாயின் மதினிமார், இரண்டு விதவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பின்னலை அவிழ்க்கிறார்கள். பினெதூவை ரமதூலாயின் வீட்டிலேயே கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்கள், வழக்கம் அப்படி. தன் வீட்டில், தன் பக்கத்தில், தன் மகளின் வயதுப் பெண் சக்களத்தியாக உட்கார்ந்திருக்கிறாள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது துக்கத்தின் அடையாளம். உள்ளே அது ஒரு தீர்ப்பு. கஞ்சத்தனமாக இருந்தவள், கணவனுக்குத் துரோகம் செய்தவள், வீட்டுக்கு வந்தவரை உபசரிக்காதவள் என்று பேர் எடுத்த மனைவியின் தலையை எந்த மதினியும் தொடமாட்டாள். ஆகவே கலியாணம் முடிந்த நாள் முதல் ஒரு பெண் எல்லாச் சொந்தத்துக்கும் கொடுத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பதற்குப் பின்னால் இந்த ஒரு நாளின் பயம் இருக்கிறது. செனகல் பெண் ஒவ்வொருத்தியும் அஞ்சும் தருணம் இது என்று ரமதூலாய் எழுதுகிறாள். பொருளை மட்டும் கொடுக்கவில்லை, தன்னையே கொடுக்கிறாள் என்பது அவள் முறைப்பாடு.

இந்த இருவருக்கும் தீர்ப்பு நல்லபடி வருகிறது. மதினிமார் இருவரையும் புகழ்ந்து பாடுகிறார்கள். ரமதூலாயைக் குத்துவதும் அதுதான். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கைக்கும் ஐந்து வருடத்துக்கும் ஒரே புகழ், ஒரே அளவு. பன்னிரண்டு பிள்ளை பெற்றவளும் நேற்று வந்தவளும் அந்தப் பாட்டில் ஒன்றுதான். பாடுகிறவர்களுக்கு அவள் தங்கள் சகோதரனின் மனைவி மட்டும்தான். அவள் யாராக இருந்தாள், என்ன பட்டாள் என்பது அங்கே கேட்கப்படவில்லை.

எங்களில் ஒரு ராத்தா இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு, தன் மாப்பிள்ளை மௌத்தான வீட்டில் சாப்பாடு எடுபட்டதா, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போனதா என்றுதான் அன்று முழுக்கத் தன் மனம் ஓடியது என்றார். அழ அவருக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

காசை எழுதிவைக்கிற கொப்பி பற்றி வருகிறதே, அது எதற்கு?

வந்தவர்கள் கொடுக்கும் பணத்தை யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதுகிறார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்று நடந்தால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அது. முன்பு தானியம், ஆடுமாடு, அரிசி, எண்ணெய், சீனி, பால் என்று பொருளாக வந்தது. இப்போது நோட்டாக வருகிறது, யாரும் மற்றவரைவிடக் குறைத்துக் கொடுக்க விரும்புவதில்லை என்று ரமதூலாய் எழுதுகிறாள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு கட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். விதவைகள் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாளைக்கு அரிசி வாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நம் பக்கம் பணம் இந்தத் திசையில் ஓடுவதில்லை. ஆனால் மூன்றாம் கத்தம், நாற்பதாம் கத்தம், தமிழ் வீடுகளில் எட்டு, முப்பத்தொன்று என்று சமையல் செலவு விதவையின் தலையில் விழும் வீடுகள் இருக்கின்றன. கடன் வாங்கிச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

மச்சினன் பெண் கேட்கும் இடத்தில் அவள் ஏன் அவ்வளவு கத்துகிறாள்? நம் ஊரிலும் தம்பி, அண்ணன் முடிப்பது உண்டுதானே, பிள்ளைகளுக்குப் பாதுகாப்புத்தானே?

யார் கேட்கிறார், எப்போது கேட்கிறார் என்று பாருங்கள். நாற்பதாம் நாள். மோதுவின் அண்ணன் தம்சீர் வருகிறார், கூடவே இமாமும் மோதுவின் கூட்டாளி மவ்தோவும். ஐந்து வருடங்களுக்கு முன் மோதுவின் இரண்டாம் கலியாணச் செய்தியைக் கொண்டுவந்த அதே மூவர்! அன்று அவள் வந்தவர்களை உபசரித்து, சிரித்து, அனுப்பிவிட்டு உள்ளே உடைந்தவள். இன்றைக்கு அவர்கள் வேறொரு முடிவோடு வருகிறார்கள்: இத்தா முடிந்ததும் தம்சீர் அவளை முடிப்பார். அவர் கேட்கவும் இல்லை, அறிவிக்கிறார்.

இத்தா முடிய இன்னும் கிட்டத்தட்ட மூன்று மாதம் இருக்கிறது. குர்ஆனின் 2:235 இந்தக் காலத்தில் மனதில் எண்ணுவதையும் ஜாடையாகச் சொல்வதையும் விடுகிறது, திருமண ஒப்பந்தத்தை உறுதிசெய்வதைத் தடுக்கிறது. 4:19 பெண்களைப் பலவந்தமாக வாரிசுப் பொருளாக எடுப்பது ஆகாது என்கிறது. அவள் வசனங்களை எடுத்து வாதாடவில்லை. ஆனால் மார்க்கத்தை அறிந்த வாசகருக்கு, இமாமை முன்னால் உட்காரவைத்துக்கொண்டே தம்சீர் எதை மிதிக்கிறார் என்பது தெரியும்.

பாதுகாப்பு என்ற கணக்கையும் அவள் அங்கேயே போட்டுக் காட்டுகிறாள். தம்சீருக்கு ஏற்கெனவே மூன்று மனைவிகள். அவர் வருமானம் அந்த மூன்று வீட்டுக்கே போதாது, மனைவிகள்தான் உழைத்துச் சமாளிக்கிறார்கள். ஆசிரியை ஒருத்தி நான்காவதாக வந்தால் யார் யாரைத் தாங்குவது? முப்பது வருடம் பேசாத குரல் அன்று வெளியே வருகிறது. கைக்குக் கை மாற்றும் பொருள் அல்ல தான் என்கிறாள்.

நம் ஊரில் மச்சினனை முடித்து நன்றாக வாழ்பவர்களை நானும் கண்டிருக்கிறேன். அங்கே பெண்ணிடம் கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை.

வீட்டு விஷயத்தில் என்ன நடக்கிறது? சொத்துப் பகுதி குழப்பமாக இருந்தது.

கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். ரமதூலாய் இருக்கும் வீடு இருவருடைய சேமிப்பிலும் வாங்கியது. உறுதியில் மோதுவின் பெயர் மட்டும். பினெதூவுக்கு ஒரு நவீன வீடு வாங்க மோது வங்கியில் கடன் எடுத்தார், அதற்கு இந்த முதல் வீட்டை ஈடு வைத்தார். மனைவிக்குத் தெரியாது. பினெதூவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதற்கு ஈடாக மாதாமாதம் 50,000 பிராங் கொடுத்துவந்ததும் வெளியே வருகிறது. மௌத்தானவரின் இரகசியங்களைக் குடும்பத்தின் முன் திறந்துவைக்கும் சபையில் ரமதூலாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் திறந்துவைப்பைக் குர்ஆன் கட்டளையாக நாவல் சொல்கிறது. அதை ஒரு ஃபத்வாவாக எடுக்காதீர்கள். கதை சொல்ல ஆசிரியர் பிடித்துக்கொண்ட வழி அது, கடிதம் முழுவதும் அப்படி ஒரு திறந்துவைப்புத்தான்.

இப்போது பங்கைப் பார்ப்போம். 4:12இன்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மனைவிகள் இருவர் என்றால் அந்த எட்டில் ஒன்றைத்தான் பிரிக்க வேண்டும். கடன் அடைத்தபின் 16 இலட்சம் மிஞ்சுகிறது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். மனைவிகள் பங்கு 2 இலட்சம், ஆளுக்கு 1 இலட்சம். இது வாரிசுச் சட்டம், அதை அவள் மறுக்கவில்லை. அவள் நட்டப்பட்டது அதற்கு முந்திய இடத்தில். அவள் சம்பளத்தில் கட்டிய பாதி வீடு அவளுடையதாகக் கணக்கில் வராமல், முழுவதும் அவர் சொத்தாகப் பங்குக்கு வந்துவிட்டது. வாரிசுப் பங்கு பிரிக்கும் முன் 'எது மௌத்தானவருடையது' என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நம் கரையோரத்தில் இந்தக் கதை வேறு மாதிரி நடக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், குடி தாய்வழி வருகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார், வீடு சீதனமாக மகளுக்குப் போகிறது. கணவன் இறந்தாலும் அவள் இருப்பது தன் வீட்டில், பக்கத்து வளவில் உம்மாவும் தங்கச்சியும் இருப்பார்கள். ரமதூலாயைப் போல மதினிமாரின் பாட்டுக்குப் பயந்து ஆயுள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காத்தான்குடியிலிருந்து வந்த ஒருவர் இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினோம்.

ஆனால் இந்தப் பலம் உறுதிக் கடதாசியில் நிற்கிறது. 2004 கடல்கோளுக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று கணவன் பெயரில் எழுதப்பட்டன. தாய்வழி வந்த வளவு போய், கணவன் பெயரில் ஒரு வீடு கிடைத்தது. அந்தக் கணவன் இறந்தால், இத்தனை தலைமுறை பெண் வீடாக இருந்தது வாரிசுப் பங்குக்கு வரும். அப்போது நம் ஊர்ப் பெண்ணும் ரமதூலாய் இருந்த இடத்தில்தான் இருப்பாள். உங்கள் வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். இணைப் பெயரா, தனிப் பெயரா, பத்திரப்படுத்தியது யார், எங்காவது ஈடு வைத்திருக்கிறதா.

நான் இந்து. எங்கள் வழக்கத்தோடு இதை எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

இரண்டு வழக்கத்தையும் ஒன்றாகக் கரைக்க வேண்டாம். பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது: இத்தாவுக்கு முடிவு நாள் உண்டு. அது கழிந்ததும் ரமதூலாய் வெளியே போகலாம், நிறம் உடுக்கலாம், விரும்பினால் முடிக்கலாம். தாலியும் பொட்டும் எடுத்த தமிழ் விதவைக்கு முப்பத்தொன்று முடிந்தால் சடங்கு முடியும், விலக்கு முடியாது. மகளின் கலியாணத்தில் முன்னுக்கு நிற்கலாமா என்ற கேள்வி பத்து வருடம் கழித்தும் வரும். இதை எந்த ஐயரும் வந்து சொல்வதில்லை, அவளாகவே பின்வரிசைக்குப் போய்விடுவாள்.

இன்னொன்று ஒப்பாரி. ரமதூலாய்க்குக் கடிதம் இருந்தது. நம் கிராமங்களில் படிக்காத அம்மாக்கள் கணவன் வீட்டார் செய்ததையெல்லாம் ஒப்பாரியில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். சாவு வீட்டில் மட்டும் அவர்களை யாரும் தடுக்க முடியாது. துக்கம் காட்டும் கடமைக்குள்ளேயே முறைப்பாடு சொல்ல ஒரு வழி அது. கடிதமும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

என் கணவர் 1990இல் கொண்டுபோகப்பட்டார். இன்னும் தெரியாது. இந்த நாவல் எனக்கு எதைச் சொல்லும்?

அக்கா, உங்களுக்கு இந்த நாவல் போதாது. ரமதூலாய்க்கு ஓர் உடல் இருந்தது, ஒரு தேதி இருந்தது. மூன்றாம் நாள், எட்டாம் நாள், நாற்பதாம் நாள் என்று எண்ண முடிந்தது. நீங்கள் பொட்டை எடுத்தால் அவரைச் சாகடித்த மாதிரி, எடுக்காவிட்டால் ஊர் ஒன்று சொல்லும். துக்கத்தின் விதிகள் ஒரு பெண்ணை நெரிப்பதை நாவல் காட்டுகிறது. விதிகளே தொடங்க முடியாத துக்கம் அதில் இல்லை.

சட்டத்தில் ஒரு சிறு வழி இருக்கிறது. 2016 முதல், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் எடுக்கலாம். அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை, கணவர் பெயரில் உள்ள அலுவல்களையும் அதை வைத்துப் பார்க்க முடியும். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் முடிவு. நாவலில் உங்களுக்கு நெருக்கமாக இருக்கக்கூடியது அந்த நடு ஐந்து வருடங்கள்தான். கணவன் உயிரோடு இருக்க, அவன் இல்லாமல் அவள் வாழ்ந்த பக்கங்கள். விரும்பினால் அவற்றை மட்டும் வாசியுங்கள்.

நல்ல மனிதர் தாவுதாவையும் வேண்டாம் என்கிறாளே. அது பிழையில்லையா?

எங்களிடம் இதற்குத்தான் அதிக சண்டை வந்தது. தாவுதா வைத்தியர், நாடாளுமன்ற உறுப்பினர், இளம் வயதிலேயே அவளைக் கேட்டவர், மரியாதையாகப் பேசுகிறவர். தம்சீரோடு அவரை ஒப்பிடவே முடியாது. ஆனால் அவருக்கு மனைவி இருக்கிறாள். நேற்று இன்னொரு பெண் வந்து தன் வீட்டைப் பிரித்ததை அனுபவித்தவள், இன்று அந்த இன்னொரு பெண்ணாக இருக்க மறுக்கிறாள். அவர் மேல் மதிப்பு உண்டு, காதல் இல்லை என்றும் எழுதுகிறாள், நட்பைக் கேட்கிறாள். அவர் எல்லாம் வேண்டும் அல்லது ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். பக்கத்து வீட்டு ஃபர்மாதாவுக்கு இது மன்னிக்க முடியாத முட்டாள்தனம்.

அவள் கலியாணத்தை வெறுத்து மறுக்கவில்லை. கடைசிப் பக்கத்திலும் சந்தோஷத்தைத் தேடிப் போவதாகவே சொல்கிறாள். பிழையா இல்லையா என்று நான் தீர்க்கமாட்டேன். ஆனால் தாவுதாவின் மனைவியை ஒரு ஆளாக நினைத்தது அந்த இடத்தில் ரமதூலாய் மட்டும்தான்.

இத்தாவில் இருக்கும் ஒருவருக்கு இதைக் கொடுக்கலாமா?

முதல் மாதத்தில் வேண்டாம். மௌத்து வீட்டுக் காட்சிகள் நெருக்கமாக இருக்கும். அரச பாடசாலை ஆசிரியைகளுக்கு இத்தா விடுமுறை இருப்பதால் நாட்கள் நீளமாகக் கிடக்கும். கொஞ்சம் ஆறியபின், அவராகக் கேட்டால் கொடுங்கள். கூடவே ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்தால் நல்லது. எங்கள் கூட்டத்தில் இருவர் இதை வாசித்தபின் எழுதத் தொடங்கினார்கள். யாருக்கும் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை.